கூட்டைக் காட்டிக்கொடுத்தது எது?

மரங்கொத்தி · மார்ச் 2, இரவு 9:47

வாட்ஸ்அப்பில் போனால் படத்துக்குள் இருக்கும் இடம், போன் மாடல் எல்லாம் உதிர்ந்துவிடும் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் கணக்கு உதைக்கிறது.

பிப்ரவரி 18 காலை ஒரு பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தைக் கூடு பார்த்தேன். இரண்டு குஞ்சு. கேமராவில் எடுத்த இரண்டு படம், போனில் எடுத்த அகலப் படம் ஒன்று, மொத்தம் மூன்றை எங்கள் பறவைக் குழுவில் போட்டேன். இடத்தை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு போனால் எனக்கு முன்னால் நான்கு பேர், அதில் ஒருவர் ஃபிளாஷ் மாட்டி நிற்கிறார். தாய் ஆந்தை எதிர்ப் பாறையில் போய் உட்கார்ந்துவிட்டது.

என் கேமராவில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. அப்படியானால் யாரோ என் பின்னால் வந்திருக்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

பிக்சல்பாண்டி · மார்ச் 2, இரவு 10:05

நீங்கள் சொல்வது சரிதான். வாட்ஸ்அப் எல்லாவற்றையும் துடைத்துவிடும், நானே பலமுறை சோதித்திருக்கிறேன். படத்தால் கசிய வாய்ப்பே இல்லை. குழுவில் ஒற்றன் இருக்கிறான். 😀

இருட்டறை · மார்ச் 2, இரவு 11:31

எப்படி அனுப்பினீர்கள்? படமாகவா, டாக்குமெண்டாகவா?

மரங்கொத்தி · மார்ச் 3, காலை 6:10

கேமராப் படங்கள் இரண்டும் டாக்குமெண்டாக. படமாக அனுப்பினால் இறகின் வரியெல்லாம் மாவாகிவிடுகிறது. போன் படம் சாதாரணமாகத்தான். ஏன்?

இருட்டறை · மார்ச் 3, காலை 7:22

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிப் புதிதாக எழுதுகிறது. அந்தப் புது எழுத்தில், இடம், நேரம், போன் மாடல் எல்லாம் எழுதியிருக்கும் எக்ஸிஃப் போய்விடுகிறது. பாண்டி சோதித்தது அதைத்தான். டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பைத் தொடுவதே இல்லை. எந்தப் பைட் போனதோ அதே பைட் அந்தப் பக்கம் விழும், மின்னஞ்சலில் இணைத்த மாதிரி. இறகின் வரி தப்பியது எதனாலோ அதனாலேயே மற்றதும் தப்பும்.

கேமராவில் ஜிபிஎஸ் இல்லை என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். படத்தைப் போனுக்கு இறக்க கேமரா கம்பெனியின் செயலி வைத்திருக்கிறீர்களா? அவற்றில் பல, ப்ளூடூத் வழியாகப் போனின் இருப்பிடத்தைக் கேமராவுக்குத் தரும், கேமரா அதைப் படத்தில் எழுதிக்கொள்ளும்.

மரங்கொத்தி · மார்ச் 3, பகல் 1:15

செயலி இருக்கிறது. ஆனால் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை. எக்ஸிஃப் காட்டும் ஒரு தளத்தைப் போனிலேயே திறந்து மூன்று படத்தையும் ஏற்றினேன். மூன்றிலும் இடம் காலி. போன் படத்திலும்கூட. என் போனில் இருப்பிடம் அணைத்துத்தான் இருந்திருக்கிறது போல.

ஆக ஒற்றன்தான்.

பிக்சல்பாண்டி · மார்ச் 3, பகல் 1:18

சொன்னேன்ல.

இருட்டறை · மார்ச் 3, மாலை 6:40

ஆண்ட்ராய்டா? அப்படியானால் அந்தச் சோதனை செல்லாது.

ஆண்ட்ராய்டு 10-இலிருந்து, படத்தில் இருக்கும் இடத்தைப் படிக்கத் தனி அனுமதி இல்லாத செயலிக்குக் கோப்பைக் கொடுக்கும்போது, அமைப்பே ஜிபிஎஸ் பகுதியை வெறுமையாக்கிக் கொடுக்கிறது. உங்கள் உலாவிக்குப் போனது அந்த வெறுமையாக்கிய பிரதிதான். போனுக்குள் கிடக்கும் அசல் அப்படியே இருக்கும். யுஎஸ்பி கேபிளில் கணினிக்கு எடுத்து, அங்கே exiftool என்ற கருவியில் பாருங்கள். யாரும் அறியக்கூடாத இடத்தை முகம் தெரியாத தளத்தில் ஏற்றிப் பார்த்ததைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவில்லை.

```
exiftool -a -G1 -s -gps:all *.jpg
```

ரெமிங்டன் · மார்ச் 3, இரவு 8:02

தம்பி, இருப்பிடத்தை அணைத்துவிட்டால் போனைத் தொலைத்தால் கண்டுபிடிக்க முடியாதே? என் பேரன் அதை அணைக்கவே கூடாது என்கிறான்.

சுண்டெலி · மார்ச் 3, இரவு 8:20

ஐயா, அது வேறு இது வேறு. கேமரா செயலிக்கு மட்டும் இருப்பிட அனுமதியை எடுத்துவிடலாம். போன் தேடுவது பாட்டுக்கு வேலை செய்யும்.

மரங்கொத்தி · மார்ச் 4, இரவு 10:33

கணினியில் பார்த்தேன். வாயைக் கொஞ்சம் மூடிக்கொள்கிறேன்.

கேமராப் படம் இரண்டிலும் இடம் இல்லை. ப்ளூடூத் அன்று இணையவில்லை போலும். ஆனால் போன் படத்தில் இருக்கிறது:

```
[GPS]  GPSLatitude        : XX deg XX' 41.27"
[GPS]  GPSLongitude       : XX deg XX' 8.90"
[GPS]  GPSAltitude        : 212.4 m
[GPS]  GPSImgDirection    : 137
```

டிகிரியையும் நிமிடத்தையும் மறைத்திருக்கிறேன், தேடாதீர்கள். ஆனாலும் அந்தப் படத்தைச் சாதாரணமாகத்தான் அனுப்பினேன். குழுவில் பெயரே IMG-20240218-WA0004 என்று மாறியிருக்கிறது. அதை இறக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. பாண்டி அரைச் சரி. ஆக இதனால் கசியவில்லை.

இருட்டறை · மார்ச் 4, இரவு 11:50

நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்த ஒருவருக்கு டிகிரியும் நிமிடமும் எதற்கு? ஒரு நிமிடம் என்பது வடக்கு தெற்காக 1.85 கிலோமீட்டர். 41.27 வினாடியில் வரும் இடங்கள் அந்த இடைவெளியில் ஒவ்வொன்றுதான் இருக்கும். கூடவே உயரம் 212 மீட்டர், பாறை வேண்டும். ஒரு மாலை போதும். அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.

ஒரு வினாடி சுமார் 31 மீட்டர், அதில் நூற்றில் ஒன்று ஒரு முழத்துக்கும் குறைவு. போன் அவ்வளவு துல்லியமாக எழுதினாலும் அதற்கே அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. திறந்த வெளியில் சில மீட்டர் தவறும், பாறைச் சுவர் பக்கத்தில் இன்னும் அதிகம். கூட்டுக்கு அதுவே தாராளம். 137 என்பது நீங்கள் எந்தத் திசையில் போனைப் பிடித்தீர்கள் என்பது, ஏறக்குறைய தென்கிழக்கு. நின்ற இடம் மட்டுமல்ல, பார்த்த பக்கமும் அதில் இருக்கிறது.

மரங்கொத்தி · மார்ச் 5, காலை 5:58

திருத்தவே முடியவில்லை, நேரம் கடந்துவிட்டதாம். நல்லவேளை 41.27 என்பதையும் நான் மாற்றித்தான் போட்டிருந்தேன். (இல்லை. மாற்றவில்லை. மட்டுறுத்துநருக்கு எழுதியிருக்கிறேன்.)

பிக்சல்பாண்டி · மார்ச் 5, காலை 9:14

எதற்கு இத்தனை வம்பு? படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள். எக்ஸிஃபும் இல்லை ஒன்றும் இல்லை.

இருட்டறை · மார்ச் 5, இரவு 9:05

இடம் போய்விடும், அது உண்மை. படத்தின் தரமும் கூடவே போகும். இறகின் வரிக்காகத்தானே அவர் டாக்குமெண்டாக அனுப்பினார். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி அனுப்பும் பழக்கத்திலும் ஒரு கண் வையுங்கள். 2023-இல் பிக்சல் போன்களின் வெட்டும் கருவியிலும் விண்டோஸின் வெட்டும் கருவியிலும் ஒரே மாதிரி ஓட்டை வெளிவந்தது. வெட்டிய சிறிய படத்தைப் பழைய பெரிய கோப்பின் மேலேயே எழுதிவிட்டு, மிச்ச வாலை நறுக்காமல் விட்டிருந்தார்கள். வாலிலிருந்து, வெட்டிப் போட்ட பகுதியில் ஒரு பங்கை மீட்டெடுக்க முடிந்தது. கருவிகளைச் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு முன் அனுப்பிய படங்களை யார் சரிசெய்வது?

பிக்சல்பாண்டி · மார்ச் 5, இரவு 9:11

என் போன் பிக்சல் இல்லை, பெயர்தான் பிக்சல். 🙏

மரங்கொத்தி · மார்ச் 7, இரவு 11:20

துடைக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு இடத்தில் விழுந்தேன், பின்னால் வருபவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் `exiftool -all= padam.jpg` என்று அடித்தேன். துடைத்துவிட்டது. திறந்தால் படம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. போன் படத்தைத் திருப்புவதில்லையாம், "இதை இப்படித் திருப்பிக் காட்டு" என்று எக்ஸிஃபில் ஒரு குறிப்புதான் எழுதிவைக்கிறதாம். எல்லாவற்றையும் துடைத்ததில் அதுவும் போய்விட்டது. நிறமும் ஒரு சாயல் மங்கியது, வண்ண விவரமும் கூடவே போனதால். இருட்டறை தனிமடலில் சொன்ன வரி இது:

```
exiftool -all= -tagsfromfile @ -Orientation -ColorSpaceTags padam.jpg
```

எல்லாவற்றையும் துடை, திருப்பும் குறிப்பையும் வண்ணத்தையும் மட்டும் பழைய கோப்பிலிருந்து திரும்ப எடுத்துக்கொள் என்று பொருள்.

இரண்டாவது விழுந்தது மோசம். துடைத்த படங்களை ஒரு ஃபோல்டரில் வைத்து, ஃபோல்டரையே ஜிப் செய்து நண்பருக்கு அனுப்பினேன். அவர் கேட்கிறார், "ஏன் ஒவ்வொரு படமும் இரண்டிரண்டு இருக்கு?" இந்தக் கருவி மாற்றும் முன் அசலை `padam.jpg_original` என்று பக்கத்திலேயே காப்பாற்றி வைக்கிறது. துடைத்ததையும் துடைக்காததையும் ஒரே கட்டாகக் கட்டி நானே அனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்றால் `-overwrite_original` சேர்க்க வேண்டும். நான் சேர்ப்பதில்லை. அசல் எனக்கு வேண்டும், எந்த நாளில் எங்கே பார்த்தேன் என்பதே அதில்தான் இருக்கிறது. அனுப்புவதை மட்டும் தனி ஃபோல்டருக்கு நகலெடுத்து அங்கே துடைக்கிறேன்.

ரெமிங்டன் · மார்ச் 8, காலை 10:40

இதெல்லாம் படத்துக்கு மட்டுமா? எனக்கு வேர்டு கோப்பில் ஒரு அவமானம் நடந்தது. எங்கள் சங்கத்தில் நிர்வாகத்தின் மேல் ஒரு புகார்க் கடிதம் பெயர் போடாமல் தயாரித்தோம். தட்டச்சு செய்தது நான். புதிதாக எதற்கு என்று, பழைய செயலாளர் எப்போதோ அனுப்பிய கடிதத்தைத் திறந்து, உள்ளே எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதிலேயே அடித்தேன். எழுத்துரு, ஓரம் எல்லாம் அமைந்திருந்தது பாருங்கள்.

நிர்வாகத்தில் ஒரு பையன் கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்திருக்கிறான். ஆசிரியர் என்ற இடத்தில் பழைய செயலாளர் பெயர். மனுஷனுக்கு இந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆறு மாதம் யாரும் அவரோடு பேசவில்லை. கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்திருக்கிறது, அதை யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சுண்டெலி · மார்ச் 8, காலை 10:52

ஐயா, இப்போது சொல்லிவிட்டீர்கள்.

ரெமிங்டன் · மார்ச் 8, காலை 11:30

அவர் இணையம் பார்ப்பதில்லை.

மரங்கொத்தி · மார்ச் 8, இரவு 9:15

ரெமிங்டன் ஐயா சொன்னதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. பிப்ரவரி 20 அன்று கூட்டைப் பற்றி நான்கு பக்கக் குறிப்பு ஒன்று வேர்டில் எழுதி மூன்று பேருக்கு அனுப்பினேன். அதில் படங்களை நுழைத்திருக்கிறேன். போனில் எடுத்த அகலப் படம் உட்பட!

இருட்டறை · மார்ச் 8, இரவு 10:02

docx என்பது ஜிப் கட்டுதான். பிரித்துப் பாருங்கள்:

```
unzip kurippu.docx -d kurippu
exiftool -r -gps:all kurippu/word/media
```

மரங்கொத்தி · மார்ச் 8, இரவு 10:48

image2.jpeg. முழு விவரமும் இருக்கிறது, உயரம், திசை, 137 எல்லாம். பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி வைத்த படம், உள்ளே முழு உருவில் உட்கார்ந்திருக்கிறது. வலது ஓரத்தில் பாதைப் பலகை தெரிகிறதே என்று வேர்டிலேயே வெட்டியிருந்தேன். இங்கே பலகையும் இருக்கிறது.

இருட்டறை · மார்ச் 9, காலை 7:30

வேர்டில் வெட்டுவது திரை போடுவதுதான். படத்தைச் சுருக்கும் இடத்தில் "Delete cropped areas of pictures" என்பதைத் தேர்ந்து சேமித்தால்தான் வெட்டிய பகுதி உண்மையில் போகும். பெரிய படங்களைச் சில நேரம் வேர்டே சேமிக்கும்போது சுருக்கும், அதை நம்பி உட்காரக் கூடாது.

வேர்டில் இருக்கும் Inspect Document என்ற வசதி ஆசிரியர் பெயர், கருத்துகள், திருத்தத் தடங்கள், மறைத்த எழுத்து எல்லாவற்றையும் தேடி எடுக்கும். ரெமிங்டன் ஐயாவின் சிக்கல் அதில் தீரும். நுழைத்த படத்தின் எக்ஸிஃப் அந்தப் பட்டியலிலேயே இல்லை. படத்தை வெளியே வெட்டி, வெளியே துடைத்து, பிறகு உள்ளே நுழையுங்கள். exiftool docx-ஐப் படிக்கும், எழுதாது.

பிக்சல்பாண்டி · மார்ச் 9, காலை 8:01

பிடிஎஃப் ஆக்கிவிட்டால்? அதில் exiftool எழுதுமே.

இருட்டறை · மார்ச் 9, இரவு 8:44

எழுதும். ஆனால் பழையதை அழிக்காது, "முன்னே சொன்னது செல்லாது" என்று கடைசியில் ஒரு தாளை ஒட்டும், அவ்வளவுதான். திரும்ப எடுக்க முடியும் என்று கருவியே எச்சரிக்கும். ஒரு பிடிஎஃப்பைத் துடைத்துவிட்டு இதை அடித்துப் பாருங்கள், ஆசிரியர் பெயர் எழுந்து வந்து நிற்கும்:

```
exiftool -pdf-update:all= kurippu.pdf
```

துடைத்த கையோடு `qpdf --linearize kurippu.pdf puthu.pdf` என்று கோப்பை முழுசாகத் திரும்ப எழுதிவிட்டால் அந்த ஒட்டுத்தாளுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. mat2 என்ற கருவியும் இருக்கிறது. அது பிடிஎஃப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக வரைந்து புதிதாகக் கட்டும். பாதுகாப்பு அதிகம், ஆனால் எழுத்தைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது.

மரங்கொத்தி · மார்ச் 11, இரவு 10:10

ஆக வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. குறிப்பு போன மூன்று பேரையும் எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டேன். இருவர் கோப்பைத் திறக்கவே இல்லையாம் (நான்கு பக்கம்!). மூன்றாமவர் படித்தார், யாருக்கும் அனுப்பவில்லை என்கிறார். நம்புகிறேன். அன்று வந்து நின்ற நால்வரில் ஒருவரும் இவர்களுக்குப் பழக்கமில்லை.

சுண்டெலி · மார்ச் 11, இரவு 10:25

2012 டிசம்பரில் ஜான் மெக்கஃபி தலைமறைவாக இருந்தபோது, கூடப் போன பத்திரிகைக்காரர்கள் எடுத்த ஐபோன் படத்தைத் துடைக்காமல் போட, அவர் குவாத்தமாலாவில் இருப்பது வெளிவந்ததே. எண்களை நான்தான் மாற்றிவைத்தேன் என்று முதலில் கதை விட்டார், பிறகு உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்ற மனுஷன். உங்கள் ஆந்தைக்கு வந்ததில் என்ன அதிசயம்?

இருட்டறை · மார்ச் 12, இரவு 9:36

மரங்கொத்தி, அன்று போனில் வேறு படம் எடுத்தீர்களா? எங்காவது போட்டீர்களா? கூடு இல்லாத படம்.

மரங்கொத்தி · மார்ச் 13, காலை 6:02

எடுத்தேன். போகும் வழியில் பூ, பாறை, ஒரு சிலந்தி. பதினோரு படம். ஆல்பமாகக் குழுவுக்கு இணைப்பு கொடுத்தேன். அதில் கூடே இல்லையே?

இருட்டறை · மார்ச் 13, இரவு 11:15

அந்த ஆல்பத்தில் இருப்பிடத்தைப் பகிரும் பொத்தான் ஆனில் இருக்கிறதா பாருங்கள். பிறகு கேமராப் படங்களில் DateTimeOriginal என்ன என்று பாருங்கள். அவை டாக்குமெண்டாகப் போனவை, ஜிபிஎஸ் இல்லாவிட்டாலும் நேரம் நொடிவரை இருக்கும்.

மரங்கொத்தி · மார்ச் 14, இரவு 10:30

பொத்தான் ஆனில்தான் இருக்கிறது. நான் போட்டதாக ஞாபகம் இல்லை.

கேமராவில் கூடு: காலை 6:52:10. ஆல்பத்தில் சிலந்தி: 6:46. அடுத்த படம், திரும்பி வரும்போது எடுத்த பூ: 7:03. சிலந்திக்கும் பூவுக்கும் இடம் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டையும் குத்திப் பார்த்தேன். இடையில் 90 மீட்டர். இரண்டுக்கும் பக்கத்தில் எட்டிப் போகும் தூரத்தில் ஒரே ஒரு பாறைச் சுவர்.

கேமராவின் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது என்பதையும் இப்போதுதான் கவனித்தேன். அதனால் ஒன்றும் மாறாது. 6:48 என்றாலும் அதே பாறைதான்.

கூட்டுப் படத்தில் இடம் இல்லை. இடம் இருந்த படத்தில் கூடு இல்லை. இரண்டையும் ஒரே குழுவில் நானே போட்டேன்.

பிக்சல்பாண்டி · மார்ச் 14, இரவு 10:41

ஒற்றன் நீங்கள்தானா.

இருட்டறை · மார்ச் 15, காலை 7:10

இதனால்தான் பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடத்தை மங்கலாக்கினால் 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டுவதோடு, தேதியையும் மற்றவர்களுக்கு மாதம் வரைக்கும்தான் காட்டுகிறார்கள். அதே நாள் நீங்கள் போட்ட காக்கையின் இடத்தை வைத்து ஆந்தையைப் பிடித்துவிடக்கூடாது என்று.

ஆகவே `-gps:all=` என்று இடத்தை மட்டும் துடைத்துப் பயனில்லை, நேரமும் போக வேண்டும். கேமராவின் வரிசை எண்ணும் போக வேண்டும். பல கேமராக்கள் அதை ஒவ்வொரு படத்திலும் எழுதும். பெயரில்லாமல் போட்ட படத்தையும் உங்கள் பெயரில் போட்ட பழைய படத்தையும் அந்த எண் கோத்துவிடும். கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். போன் தருகிற பெயரில் பெரும்பாலும் தேதியும் நேரமும் இருக்கும், அது எக்ஸிஃப் இல்லை என்பதால் பெரும்பாலான துடைப்பான்கள் தொடுவதில்லை.

மரங்கொத்தி · மார்ச் 15, இரவு 9:50

படத்தில் என் பெயரும் காப்புரிமை வரியும் இருக்கட்டும் என்று பார்த்தேன். `-all=` அதையும் அடித்துவிடுகிறது. தக்கவைக்க வேண்டியவற்றில் `-Artist -Copyright` சேர்த்துக்கொண்டேன். ஆனால் என் பெயர் இருந்தால் நான் வழக்கமாக எங்கே சுற்றுகிறேன் என்பது குழுவுக்கே தெரியுமே. கூட்டுப் படத்துக்கு மட்டும் பெயரை விட்டுவிடலாமா? மனசு வரவில்லை. இரண்டு குஞ்சும் ஒரே ஃபிரேமில், யோசித்துப் பாருங்கள்.

ரெமிங்டன் · மார்ச் 16, காலை 9:20

சங்கக் கடிதத்தை என் கணினியில் தேடி எடுத்தேன். தம்பி சொன்ன மாதிரி பிரித்தால் docProps/core.xml என்று ஒன்று. அதில் இரண்டு பெயரும் இருக்கிறது. app.xml-இல் மொத்தம் திருத்திய நேரம் என்று ஒரு எண், 412 நிமிடம். ஒன்றரைப் பக்கக் கடிதத்துக்கு ஏழு மணி நேரமா என்று என் மனைவி சிரிக்கிறாள். திறந்துவைத்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மரங்கொத்தி · மார்ச் 24, இரவு 8:15

ஆல்பத்தில் பொத்தானை அணைத்தேன், குழுவில் போட்ட படங்களை நீக்கினேன். நீக்கும் முன் யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வழியில்லை.

இன்று போனேன். இரண்டு பேர் இருந்தார்கள். எப்படித் தெரியும் என்று சாதாரணமாகக் கேட்டுப் பார்த்தேன். "ஒரு நண்பர் சொன்னார்" என்றார் ஒருவர். ஆல்பமா, குறிப்பா, இல்லை நிஜமாகவே யாராவது பின்னால் வந்தார்களா, அதற்கு மேல் கிளற முடியவில்லை.

இருட்டறை · மார்ச் 24, இரவு 9:02

தாய்?

மரங்கொத்தி · மார்ச் 24, இரவு 9:04

திரும்பிவிட்டது. ஒரு குஞ்சுதான் தெரிந்தது. மற்றது இடுக்கின் உள்ளே இருக்கலாம். படம் எடுக்கவில்லை.